சும்மா நிற்கிற வயதுக்கு வட்டி வருமா?

நடுவரின் கேள்வி: "நாட்டில் இளைஞர்கள் நிறைய இருந்தாலே வளர்ச்சி வந்துவிடுமா, வேலை இருந்தால்தான் வருமா?"

நடுவர் அவர்களே, எதிரணியில் முதலில் பேசிய பேராசிரியர், இளைஞர்கள் நிறைய இருந்தாலே வளர்ச்சி வரும் என்பதற்குத் தென்கொரியாவைக் காட்டிக் கைதட்டல் வாங்கிவிட்டுப் போய்விட்டார். ஐயா சொன்னதில் தப்பே இல்லை, பாதியில் நிறுத்திவிட்டார், அவ்வளவுதான்.

1960-ல் ஒரு கொரியப் பெண்ணுக்குச் சராசரியாக ஆறு குழந்தைகள். 1980களின் தொடக்கத்தில் அது இரண்டுக்கு வந்துவிட்டது. ஆறு பிள்ளை காலத்தில் பிறந்தவர்கள் சம்பாதிக்க வந்தபோது வீட்டில் பால்குடிப் பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள், கையில் நாலு காசு மிஞ்சியது. இதுவரை ஐயா சொன்னார். அந்த இளைஞர்கள் எங்கே வேலைக்குப் போனார்கள் என்பதைச் சொல்லவில்லை. 1960களின் கடைசியில் கொரியா எதை ஏற்றுமதி செய்தது தெரியுமா? சட்டை, ஒட்டுப்பலகை, அப்புறம் சவுரி! ஆமாம், தலையில் வைக்கிற சவுரிமுடிதான். கிராமத்துப் பெண்பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் சியோலின் குரோ தொழிற்பேட்டைக்கு வந்து, குறைந்த சம்பளத்துக்கு விடிய விடிய உழைத்தார்கள். அதைச் சொர்க்கம் என்று சொல்ல நான் வரவில்லை. ஆனால் எழுதப் படிக்கத் தெரிந்த பெண்ணுக்கு வாசலைத் தாண்டினால் ஒரு வேலை இருந்தது.

இப்போது நம் கதைக்கு வாருங்கள். 2019-ல் ரயில்வே, டிக்கெட் கிளார்க்கிலிருந்து ஸ்டேஷன் மாஸ்டர் வரை சுமார் 35,000 இடங்களுக்கு அறிவிப்பு விட்டது. வந்த விண்ணப்பம் ஒன்றேகால் கோடி. ஓர் இடத்துக்கு 350 பேருக்கு மேல்! முதல் கட்டத் தேர்வே 2020 டிசம்பரில்தான் தொடங்கியது. நடுவில் கொரோனா வந்தது உண்மை, ஒத்துக்கொள்கிறேன். முடிவு வந்தது 2022 ஜனவரியில். பிளஸ் டூ போதும் என்ற வேலைக்கும் பட்டதாரிகள் போட்டி போட்டார்கள், ஒரே ஆள் பல பதவிகளின் பட்டியலில் வந்துவிட்டார், எங்கள் இடம் போச்சே என்று பீகாரில் பையன்கள் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள், கயாவில் ரயில் பெட்டி எரிந்தது.

அதில் ஒரு பையனை எடுத்துக்கொள்ளுங்கள். விண்ணப்பிக்கும்போது 22 வயது, முதல் கட்ட முடிவு வரும்போது 25. நடுவில் பாட்னாவில் அறை வாடகை, கோச்சிங் கட்டணம், மெஸ் செலவு, எல்லாம் அப்பா அனுப்பிய பணம். மக்கள்தொகைக் கணக்கில் இவன் 'உழைக்கும் வயது' பக்கம் நிற்கிறான், வீட்டுக் கணக்கில் இன்னும் சாப்பிடுகிற பக்கம்தான். பேராசிரியர் எண்ணுகிற லாபத்தில் இவனும் ஒரு தலை, ஐயா! இதைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. நம் நாட்டில் படிக்காதவரைவிடப் பட்டதாரியிடம்தான் வேலையின்மை விகிதம் பல மடங்கு அதிகம். ஏழை காத்திருக்க முடியாது, கிடைத்த வேலைக்குப் போய்விடுவான். காத்திருக்க வைக்க ஒரு குடும்பத்தால் முடிகிறதே, அங்கேதான் சேமிப்பு கரைகிறது.

எதிரணித் தம்பி, இளைஞர்கள் செல்போனில் கிடக்கிறார்கள், சோம்பேறிகள் என்றார். தம்பி, தலைப்பு அது இல்லை. ஒன்றேகால் கோடி பேர் விண்ணப்பம் போட்டது சோம்பலிலா?

அடுத்து பேசிய அம்மா தன் வீட்டையே சாட்சிக்குக் கூப்பிட்டார். மூத்தவன் ஓசூரில், இளையவன் துபாயில், பிள்ளைகள் இருந்ததால்தானே குடும்பம் உயர்ந்தது என்றார். சந்தோஷம் அம்மா. ஆனால் உங்கள் பெரிய மருமகள் எம்.காம். படித்துவிட்டு வீட்டில்தான் இருக்கிறாள் என்று பேச்சோடு பேச்சாக நீங்களே சொல்லிவிட்டீர்கள்! ஓசூர் ஓசூர் என்றீர்களே, 2019-20 கணக்குப்படி இந்தியாவில் தொழிற்சாலையில் வேலை பார்த்த பெண் தொழிலாளர்களில் நூற்றுக்குச் சுமார் 43 பேர் தமிழ்நாட்டில் இருந்தார்கள். நமக்குப் பெருமைதான். மற்ற மாநிலங்களை எல்லாம் சேர்த்தால்கூட அறுபதைத் தொடவில்லை என்பதை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. கொரியாவின் லாபத்தில் பெரிய பங்கு சவுரி கட்டிய அந்தப் பெண்களுடையது.

பேராசிரியர் எழுந்து, வேலைக்கு வரும் பெண்களின் பங்கு 2017-18-ல் 23 சதவீதம், 2023-24-ல் 41 சதவீதத்துக்கு மேல் என்று கேட்பார், தெரியும். எண் சரி. ஆனால் கூடியவர்களில் பெரும்பகுதி சொந்த நிலத்திலும் வீட்டுத் தொழிலிலும்தான், அதிலும் பலருக்குச் சம்பளமே இல்லை. அது வளர்ச்சியா, வருமானம் போதாமல் வயலில் இறங்கியதா என்று பொருளாதாரக்காரர்களே இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். ஐயா எந்தப் பக்கம் என்று அவரே சொல்லட்டும்.