லைட்ஹவுஸ் 100 காட்டுது, கீபோர்டு என்ன காட்டுது?

கேள்வி: "எங்க பஸ் டிக்கெட் பக்கத்துக்கு லைட்ஹவுஸ்ல ஆக்சசிபிலிட்டி 100 வருது. ஆக்ஸ்ங்கிற சோதனைக் கருவியிலயும் ஒரு பிழை கூட இல்ல. இதுக்கு மேல கையால சோதிக்க என்ன இருக்கு?"

பதில்: நிறைய இருக்கு. முதல்ல ஒண்ணு, லைட்ஹவுஸுக்கு உள்ள ஓடுறதும் ஆக்ஸோட விதிகள்தான். அதனால ரெண்டு பேர் தனித்தனியா பார்த்து சரின்னு சொன்ன மாதிரி எடுத்துக்க முடியாது. அதோட, ஓட்டின நேரத்துல பக்கம் எந்த நிலையில இருந்துச்சோ, அதை மட்டும்தான் ரெண்டுமே பார்க்குது. இருக்கை தேர்ந்தெடுக்கிற பாப்அப்பை நீங்க திறக்கவே இல்லன்னா, அது சோதனைக்கு வரவே இல்ல. பாப்அப்பைத் திறந்து வச்சுக்கிட்டு ஆக்ஸை இன்னொரு தடவ ஓட்டுங்க. லேபிள் இல்லாத பெட்டி, வெளிறின எழுத்து இதையெல்லாம் அது நல்லாவே பிடிச்சுடும்.

அடுத்து மவுஸைத் தள்ளி வச்சுடுங்க. அட்ரஸ் பார்ல க்ளிக் பண்ணிட்டு, அங்கேருந்து டேப் தட்டிக்கிட்டே போங்க. மேக்ல சஃபாரின்னா, செட்டிங்ஸ்ல அட்வான்ஸ்டு பகுதியில "Press Tab to highlight each item on a webpage" டிக் பண்ணியிருக்கணும். இல்லன்னா டேப் லிங்க்குகளைத் தாண்டிப் போயிடும், உங்க பக்கத்துலதான் கோளாறுன்னு நினைச்சுடுவீங்க.

புறப்படும் ஊர், போகும் ஊர், தேதி, அதுக்கப்புறம் 'தேடு' பட்டன் வரணும். ஆனா ஃபோகஸ் அதைத் தாண்டி ஃபுட்டருக்குப் போகுதுன்னு வைங்க. கோடைத் திறந்து பார்த்தா பெரும்பாலும் இப்படி இருக்கும்:

```html
<div class="btn" onclick="search()">தேடு</div>
```

பார்க்கிறவங்களுக்கு இது பட்டன். கருவிக்கு இது ஒரு `div`, உள்ள கொஞ்சம் எழுத்து, அவ்வளவுதான். எழுத்து இருக்கிறது தப்பில்லையே, அதனால எதுவும் சொல்லாது. இதுக்கு `tabindex="0"` மட்டும் போட்டு நிறுத்திடுறவங்க உண்டு. அப்ப ஃபோகஸ் வரும், ஆனா என்டர் தட்டினா ஒண்ணும் நடக்காது. `button`னு மாத்துங்க. டேப், என்டர், ஸ்பேஸ் மூணும் தானா வேலை செய்யும்.

இப்ப பாப்அப்புக்கு வாங்க, அதிகமா உடையறது இங்கதான். என்டர் தட்டித் திறங்க. ஃபோகஸ் உள்ள வந்துச்சா? டேப் தட்டத் தட்ட உள்ளயே இருக்கா, இல்ல பின்னாடி மறைஞ்சிருக்கிற பக்கத்துக்குப் போயிடுதா? எஸ்கேப் தட்டினா மூடி, திறந்த பட்டனுக்கே ஃபோகஸ் திரும்புதா? கண்ணுக்குத் தெரியலன்னா, குரோம் கன்சோல்ல கண் படம் போட்ட பட்டனைத் தட்டி `document.activeElement`னு லைவ் எக்ஸ்பிரஷன் வச்சுடுங்க. ஒவ்வொரு டேப்புக்கும் ஃபோகஸ் எங்க இருக்குன்னு காட்டிக்கிட்டே இருக்கும்.

பாப்அப்பை மூடினதும் அங்க `body`ன்னு வந்தா, ஃபோகஸ் தொலைஞ்சு போச்சுன்னு அர்த்தம். ஃபோகஸ் இருந்த பட்டனைப் பாப்அப்போட சேர்த்து அழிச்சுட்டீங்க. பாப்அப்போட கோடு பக்கத்தோட கடைசியில இருந்தா, அடுத்த டேப் பிரவுசர் பட்டிக்கே போயிடும். பாதி டிக்கெட் எடுத்தவர் மறுபடி மேலேருந்து வரணும். `dialog` எலிமென்ட்டை `showModal()` வச்சுத் திறந்தீங்கன்னா, பின்பக்கத்தை முடக்குறது, எஸ்கேப், ஃபோகஸைத் திருப்பிக் கொடுக்கிறது எல்லாம் பிரவுசரே பார்த்துக்கும்.

கீழ வரைக்கும் போனதும் ஷிஃப்ட் டேப்ல திரும்பி மேல வாங்க. இதைப் பலர் செய்யறதில்ல. மேல ஒட்டிக்கிட்டு நிக்கிற ஹெடருக்கு அடியில ஃபோகஸ் மறைஞ்சு போறது இந்தத் திசையிலதான் தெரியும். `html`க்கு ஹெடர் உயரம் அளவுக்கு `scroll-padding-top` கொடுத்தா பெரும்பாலும் சரியாயிடும்.

கீபோர்டுலயும் சிக்காதது ரெண்டு இருக்கு. உங்க இருக்கைகள் ஒவ்வொண்ணும் பட்டன், ஒவ்வொண்ணுக்கும் `aria-label="இருக்கை"`ன்னு இருக்குன்னு வைங்க. பெயர் இருக்கான்னுதான் கருவி கேக்கும், இருக்கு, பாஸ். ஆனா ஸ்கிரீன் ரீடர்ல கேக்கிறவருக்கு நாற்பது தடவ "இருக்கை, பட்டன்"னு வரும். எது காலி, எது ஜன்னல் ஓரம்னு நிறத்துல மட்டும் இருக்கு. "12, ஜன்னல் ஓரம், காலி"ன்னு பெயர்லயே வரணும்.

இன்னொண்ணு தமிழ்ப் பக்கங்களுக்கே உரியது. டெம்ப்ளேட்லேருந்து வந்த `lang="en"` அப்படியே நிக்கும். சரியான மொழிக் குறியீடான்னு பார்த்துக் கருவி விட்டுடும், உள்ள இருக்கிறது தமிழ்னு அதுக்குத் தெரியாது. கேக்கிறவர் தமிழ்க் குரலே வச்சிருந்தாலும், அந்த ஒரு குறியீட்டைப் பார்த்து ஸ்கிரீன் ரீடர் ஆங்கிலக் குரலுக்கு மாறிடலாம், மாறினா ஒரு சொல்லும் விளங்காது. `lang="ta"`ன்னு மாத்திட்டு, என்விடிஏன்னு ஒரு ஸ்கிரீன் ரீடர் இலவசம்தான், அதைப் போட்டு ஒரு டிக்கெட்டைக் கடைசி வரைக்கும் காதால மட்டும் எடுத்துப் பாருங்க.