லுஹரா, அஸரா?

அவையோருக்கு அஸ்ஸலாமு அலைக்கும்.

ஹதீஸ் விரிவுரை, அதாவது ஷரஹ், எப்படி நடக்கிறது என்று பார்க்க ஒரே ஒரு ஹதீஸை எடுத்துக்கொள்கிறேன். ஹிஜ்ரி 5, அகழ்ப்போர் முற்றுகை விலகிய நாள். நபி (ஸல்) அவர்கள் தோழர்களிடம், "பனூ குறைழாவிடம் போய்ச் சேராமல் எவரும் அஸர் தொழ வேண்டாம்" என்கிறார்கள். பனூ குறைழா மதீனாவில் இருந்த ஒரு யூதக் குலம். அறிவிப்பவர் இப்னு உமர் (ரலி). வழியிலேயே அஸர் நேரம் வந்துவிட்டது. சிலர், 'விரைந்து போகச் சொன்னார்களே தவிர, தொழுகையைத் தவறவிடச் சொல்லவில்லை' என்று வழியிலேயே தொழுதார்கள். மற்றவர்கள் சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டு போய்ச் சேர்ந்த பிறகே தொழுதார்கள். நபியவர்கள் எவரையும் கண்டிக்கவில்லை.

இது இமாம் புகாரியின் ஹதீஸ் தொகுப்பில் உள்ள வாசகம். இமாம் முஸ்லிமின் தொகுப்பைத் திறந்தால் அஸர் இருக்க வேண்டிய இடத்தில் லுஹர் இருக்கிறது! விரிவுரையாளருக்கு வேலை இங்கேதான் தொடங்குகிறது.

முஸ்லிமின் தொகுப்புக்கு விரிவுரை எழுதிய இமாம் நவவி ஓர் இணக்கம் சொல்கிறார். கட்டளை வந்தபோது சிலர் லுஹரைத் தொழுது முடித்திருந்தார்கள், சிலர் தொழுதிருக்கவில்லை. முன்னவர்களிடம் அஸர் என்றும் பின்னவர்களிடம் லுஹர் என்றும் சொல்லப்பட்டிருக்கலாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் புகாரிக்கு விரிவுரை எழுதிய இப்னு ஹஜர் ஸனதை, அதாவது அறிவிப்பாளர் தொடரை, நோக்குகிறார். புகாரியும் முஸ்லிமும் இதை ஒரே ஆசிரியரிடமிருந்து, ஒரே தொடரில் பெற்றிருக்கிறார்கள். செய்தி புறப்பட்ட இடம் ஒன்று என்றால், இரண்டு கூட்டத்தாரிடம் இரண்டு விதமாகச் சொன்னார்கள் என்பது எப்படிப் பொருந்தும்? புகாரி நினைவிலிருந்து எழுதியிருக்கலாம் என்றும், பொருள் கெடாத வரை சொல் மாறுவதை அவர் அனுமதிப்பவர் என்றும், முஸ்லிமோ சொல்லைக் காப்பதில் கூடுதல் கவனம் உள்ளவர் என்றும் ஒரு சாத்தியத்தை முன்வைக்கிறார். தாம் விரிவுரை எழுதும் நூலின் ஆசிரியரைப் பற்றியே இப்படி எழுதுகிறார் என்பதைக் கவனியுங்கள். அதே மூச்சில், போர் வரலாறு எழுதியவர்கள் அஸர் என்பதிலேயே நிற்கிறார்கள் என்பதையும் மறைக்காமல் பதிவு செய்கிறார்.

அடுத்தது சூழல். தொழுகையைத் தாமதித்தவர்கள் ஏன் தயங்கவில்லை? அகழ்ப்போரின்போது சண்டை மும்முரத்தில் அஸர் தவறி, சூரியன் மறைந்த பிறகு தொழுதது அவர்கள் கண்முன் நடந்தது. போர் அலுவலில் தாமதம் நேரலாம் என்பதற்கு அந்த முன்னுதாரணம் புதிதாக நினைவில் இருந்தது. இந்தப் பின்னணி தெரியாதவருக்கு அவர்கள் வெறும் சொல்லுக்குக் கட்டுப்பட்டவர்களாகத்தான் தெரிவார்கள்.

கடைசியாகச் சட்டம். 'ஆய்ந்து முடிவெடுத்த ஒவ்வொருவர் முடிவும் சரியே' என்பதற்குச் சிலர் இந்த ஹதீஸைச் சான்று காட்டினார்கள். இப்னு ஹஜர் அவ்வளவு தூரம் போக விடவில்லை. முயன்றவரைக் கண்டிக்கவில்லை என்பதிலிருந்து, அவர் மீது குற்றமில்லை என்பது கிடைக்கிறது. இரண்டு முடிவும் சரி என்பது அதிலிருந்து கிடைக்காது.