சூடாக்கினால் உலோகம் ஏன் நீள்கிறது? தாமிரமும் டங்ஸ்டனும்

வணக்கம் நண்பர்களே. சூடாக்கினால் உலோகம் ஏன் நீள்கிறது என்று கேட்டால், "அணுக்கள் அதிகமாக அதிர்கின்றன, அதனால் அதிக இடம் பிடிக்கின்றன" என்ற பதில்தான் பெரும்பாலும் வருகிறது. அந்தப் பதில் போதாது. ஓர் அணு இருபுறமும் ஒரே அளவு அதிர்ந்தால், எவ்வளவு வேகமாக ஆடினாலும் அதன் சராசரி இடம் மாறவே மாறாது. சராசரி இடம் மாறாவிட்டால் கம்பி நீளாது.

பலகையைப் பாருங்கள். கிடைக்கோட்டில் இரண்டு அணுக்களுக்கு இடையே உள்ள தூரம், செங்குத்தாக அவற்றின் நிலையாற்றல். இடப்பக்கம், அதாவது அணுக்கள் நெருங்கும் பக்கம், வளைகோடு சுவர்போல் செங்குத்தாக ஏறுகிறது. எலக்ட்ரான் மேகங்கள் ஒன்றின்மேல் ஒன்று படிய மறுக்கின்றன. வலப்பக்கம் அப்படியில்லை. விலக விலக ஈர்ப்பு தளர்ந்துகொண்டே போவதால், கோடு சாய்வாக ஏறிக் கடைசியில் தட்டையாகிவிடுகிறது. இந்தப் பள்ளத்தின் ஒரு கரை செங்குத்து, மறு கரை சரிவு. நீங்கள் பார்க்கும் வெப்ப விரிவு முழுவதும் இந்தச் சமச்சீரின்மையில்தான் இருக்கிறது.

இப்போது பள்ளத்தின் அடிக்குச் சற்று மேலே ஒரு கிடைக்கோடு வரைகிறேன். இது குறைந்த வெப்பநிலை. கோடு இரு கரைகளையும் தொடும் இடங்களுக்கு நடுவே ஒரு புள்ளி வைக்கிறேன். இன்னும் உயரத்தில் இன்னொரு கோடு, அதற்கும் ஒரு நடுப்புள்ளி. பாருங்கள், இரண்டாவது புள்ளி வலப்பக்கம் நகர்ந்துவிட்டது. அணு உண்மையில் இதைவிடவும் வலப்பக்கம் சாய்கிறது. சரிவான கரையில் அது மெதுவாகத் திரும்புவதால் அங்கே அதிக நேரம் இருக்கிறது. கணக்கிட்டால் சராசரி நகர்வு, நடுப்புள்ளியின் நகர்வைப்போல் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு வரும்.

பிணைப்பின் வலிமை இதில் எங்கே வருகிறது? பள்ளத்தின் ஆழத்தில். அறை வெப்பநிலையில் அணுவுக்குக் கிடைக்கும் வெப்ப ஆற்றல் kT, சுமார் 0.026 எலக்ட்ரான் வோல்ட். இதில் k போல்ட்ஸ்மன் மாறிலி, T கெல்வினில் வெப்பநிலை. தாமிரமானாலும் டங்ஸ்டனானாலும் இந்த அளவு ஒன்றுதான். ஆழமான பள்ளத்தின் அடிப்பகுதி குறுகலானது. அங்கே இந்த உயரத்தில் வரையும் கோடு மிகக் குட்டையாக இருப்பதால் சமச்சீரின்மை தலைகாட்டவே இடமில்லை. ஆழம் குறைந்த பள்ளத்தில் அதே உயரத்தில் கோடு நீளமாகி, நடுப்புள்ளி வெகுவாக நகர்கிறது.

இந்தப் பள்ளத்தின் வடிவத்தைச் சமன்பாடாகத் தரும் மோர்ஸ் வளைகோட்டை எடுத்துக்கொண்டால், ஒரு டிகிரிக்கு நீளத்தில் எத்தனை பங்கு கூடுகிறது என்பதைச் சொல்லும் விரிவுக் குணகம் இப்படி வரும்:

α = 3k / (4 a D r₀)

D பள்ளத்தின் ஆழம், r₀ அதன் அடியிலுள்ள தூரம், a பள்ளம் எவ்வளவு குறுகல் என்பதன் அளவு. 1959-இல் கிரிஃபால்கோவும் வைசரும் பல உலோகங்களுக்கு இந்த மதிப்புகளைக் கணக்கிட்டு வெளியிட்டார்கள். தாமிரத்துக்கு D சுமார் 0.34 எலக்ட்ரான் வோல்ட், டங்ஸ்டனுக்கு 0.99. ஏறக்குறைய மூன்று மடங்கு. a, r₀ இரண்டும் இரு உலோகங்களிலும் கிட்டத்தட்ட ஒன்றுபோலவே இருப்பதால், வித்தியாசத்தை உண்டாக்குவது ஆழம்தான்.

எண்களைப் போட்டால் தாமிரத்துக்கு ஒரு டிகிரிக்குப் பத்து லட்சத்தில் 48 பங்கு, டங்ஸ்டனுக்கு 15 பங்கு என்று வருகிறது. அளந்த மதிப்புகளோ 16.5, 4.5. கணக்கு மூன்று மடங்குக்கும் மேல் வரை அதிகம் காட்டுகிறது. காரணம், நாம் தனியாக நிற்கும் இரண்டே அணுக்களைத்தான் எடுத்துக்கொண்டோம். தாமிரத்தில் ஒவ்வோர் அணுவையும் 12 அண்டை அணுக்கள் சுற்றி நின்று பிடித்துவைத்திருக்கின்றன. ஆனால் விகிதத்தைப் பாருங்கள்: கணக்கில் 3.2, அளவையில் 3.7. இவ்வளவு எளிய படம் இவ்வளவு நெருங்கி வருவது எனக்கு ஒவ்வொரு முறையும் மகிழ்ச்சி தருகிறது. கண்ணுக்குத் தெரியும்படி சொன்னால், 100 டிகிரி சூடேற்றும்போது ஒரு மீட்டர் தாமிரக் கம்பி 1.65 மில்லிமீட்டர் நீளும், டங்ஸ்டன் கம்பி அரை மில்லிமீட்டர்கூட நீளாது. அதே ஆழம்தான் உருகுநிலையையும் உயர்த்துகிறது: தாமிரம் 1085 டிகிரி செல்சியஸில் உருகுகிறது, டங்ஸ்டன் 3422-இல்.

இதை வைத்து எல்லாத் திண்மங்களையும் அளந்துவிட முடியாது. சிலிக்கானைக் குளிர்வித்துக்கொண்டே போங்கள். சுமார் 120 கெல்வினுக்குக் கீழே, மேலும் குளிர்வித்தால் அது சுருங்காமல் விரிகிறது. அதன் படிகக் கட்டமைப்பு இடைவெளி மிகுந்தது. அங்கே தாழ்ந்த வெப்பநிலையில் ஓங்கி நிற்பவை பிணைப்புக்குக் குறுக்காக ஆடும் அதிர்வுகள். அவை அணுக்களை விலக்குவதற்குப் பதிலாகக் கட்டமைப்பை உள்ளே இழுக்கின்றன. இரண்டு அணுக்களை மட்டும் ஒரே கோட்டில் வைத்து நான் வரைந்த இந்தப் படத்தில் குறுக்கு ஆட்டத்துக்கு இடமே இல்லை.