உயில் இல்லாத வீடு: அம்மாவுக்கு என்ன பங்கு?

(மும்பை மாட்டுங்காவில் தமிழர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன். செம்பூரில் ஒருவர் சொந்தச் சம்பாத்தியத்தில் ஒரு ஃப்ளாட் வாங்கியிருக்கிறார், இன்றைய மதிப்பு 1 கோடியே 44 லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். உயில் எழுதாமல் திடீரென்று இறந்துபோகிறார். அம்மா, மனைவி, ஒரு மகன், ஒரு மகள் இருக்கிறார்கள், அப்பா முன்பே காலமாகிவிட்டார். இந்த நான்கு பேரில் யாருக்கு எவ்வளவு என்பது, இறந்தவர் எந்த மதத்தைச் சேர்ந்தவர் என்பதைப் பொறுத்தே மாறும்.

அவர் இந்து என்றால் 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம். சீக்கியர், சமணர், பௌத்தருக்கும் இதேதான். நான்கு பேரும் முதல் வகுப்பு வாரிசுகள், ஆளுக்கு 36 லட்சம். அதே மனிதர் முஸ்லிம், ஹனஃபி பிரிவு என்றால் மனைவிக்கு எட்டில் ஒன்று, அதாவது 18 லட்சம். அம்மாவுக்கு ஆறில் ஒன்று, 24 லட்சம். மீதி 102 லட்சத்தில் மகனுக்கு 68, மகளுக்கு அதில் பாதி 34. மகளின் பங்கைப் பற்றித்தான் எல்லோரும் சண்டை போடுவோம், ஆனால் மனைவியைவிட அம்மாவுக்கு அதிகம் என்பதை யாரும் கவனிப்பதில்லை.

கிறிஸ்தவர் என்றால்? 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, 48 லட்சம். மீதியை மகனும் மகளும் சரிசமமாகப் பிரித்துக்கொள்ள, அவர்களுக்கும் தலைக்கு 48 லட்சம். அம்மாவுக்கு ஒன்றுமே கிடையாது. பிள்ளைகள் இருக்கும்போது பெற்றவர்கள் கணக்கிலேயே வரமாட்டார்கள். மகனை நம்பி ஊரிலிருந்த வீட்டை விற்றுவிட்டு மும்பைக்கு வந்து சேர்ந்த ஒரு அம்மாவுக்கு இதை யார் போய்ச் சொல்வது?

சரி, இறந்தது மகன் இல்லை, மகள் என்று வைத்துக்கொள்வோம். கணவன் முன்பே போய்விட்டான், குழந்தை இல்லை, தன் சம்பளத்தில் அதே ஃப்ளாட்டை வாங்கியிருக்கிறாள். அவள் இந்து என்றால், 15-ஆவது பிரிவு வரிசை போடுகிறது: முதலில் பிள்ளைகளும் கணவனும், அடுத்து கணவனின் வாரிசுகள், அதற்குப் பிறகுதான் அவளுடைய அம்மா அப்பா. கணவனுடைய அண்ணன், அக்கா பிள்ளைகள் என்று அந்தப் பக்கம் ஒருவர் இருந்தாலும் வீடு அங்கே போய்விடும், பெற்ற தாய் வாசலில் நிற்க வேண்டியதுதான். தாய் தகப்பனிடமிருந்து வாரிசாக வந்த சொத்துக்கு மட்டும் விதிவிலக்கு உண்டு, பிள்ளை இல்லாவிட்டால் அது தகப்பன் வழிக்குத் திரும்பும். சொந்தமாகச் சம்பாதித்ததற்கு அந்த விதிவிலக்கு கிடையாது.

2009-இல் உச்ச நீதிமன்றத்துக்கு இப்படி ஒரு வழக்கு வந்தது. கல்யாணமான மூன்றே மாதத்தில் கணவன் பாம்பு கடித்து இறந்துபோக, அந்தப் பெண்ணைப் புகுந்த வீட்டில் விரட்டிவிட்டார்கள். பெற்றவர்கள் படிக்கவைத்தார்கள், வேலைக்குப் போனாள், வங்கியில் பணமும் வருங்கால வைப்பு நிதியும் சேர்த்துவைத்து இறந்தாள். அம்மாவும் கேட்டார், இத்தனை வருடம் எட்டிக்கூடப் பார்க்காத கணவனுடைய அக்கா தங்கை பிள்ளைகளும் கேட்டார்கள். பணம் புகுந்த வீட்டுப் பக்கமே போயிற்று. அனுதாபத்தை வைத்துச் சட்டத்தை மாற்றிப் படிக்க முடியாது என்றது நீதிமன்றம். எனக்கு இன்றும் அது செரிக்கவில்லை.

அதே பெண் கிறிஸ்தவராக இருந்தால் புகுந்த வீட்டுக்கு ஒரு பைசா போகாது. அப்பா இருந்தால் முழுக்க அவருக்கு, இல்லாவிட்டால் அம்மாவும் உடன்பிறந்தவர்களும் சமமாகப் பிரித்துக்கொள்வார்கள். முஸ்லிம் என்றாலும் அம்மாவுக்கு நிச்சயப் பங்கு உண்டு, மாமனார் வீட்டார் என்ற உறவுக்கு மட்டும் எதுவும் கிடையாது.

அப்புறம், நம் பிள்ளைகளின் கலப்புத் திருமணம். இந்துப் பையன், கிறிஸ்தவப் பெண், சிறப்புத் திருமணச் சட்டத்தில் பதிவு செய்கிறார்கள். பையனின் சொத்துக்கு அன்றிலிருந்து 1925 சட்டம்தான். அதாவது, பிள்ளை பிறந்த பிறகு அவன் இறந்தால், இந்து அம்மாவுக்கு 36 லட்சமாக இருந்த பங்கு பூஜ்யமாகிவிடும். இருவரும் இந்துவாகவே இருந்து அங்கே பதிவு செய்தால் இந்தச் சிக்கல் இல்லை, பழைய சட்டமே தொடரும்.

“சொசைட்டியில் அம்மா பேரை நாமினியாகப் போட்டிருக்கிறேனே” என்று ஒருவர் கேட்டார். நாமினி வாரிசு ஆகிவிட மாட்டார். சொசைட்டி தற்காலிகமாக அவர் பேருக்கு மாற்றித் தரும், ஆனால் உண்மையான வாரிசுகளின் சார்பில்தான் அவர் அதை வைத்திருக்கிறார், பங்கைக் கேட்டால் கொடுத்தாக வேண்டும். அம்மாவுக்குத் தர நினைத்தால் உயில் எழுதி, இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்துப் போடுங்கள். முஸ்லிம்கள் மட்டும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயில் எழுத மற்ற வாரிசுகளின் சம்மதம் வேண்டும். ஹனஃபி முறையில், வாரிசான அம்மாவுக்கே எழுதுவதென்றால் அந்த ஒரு பங்குக்கும் சம்மதம் தேவை, அதுவும் உயில் எழுதியவர் இறந்த பிறகு கொடுக்கும் சம்மதம். அதனால் அவர்கள் உயிரோடு இருக்கும்போதே தானமாகக் கொடுத்து, கையோடு ஒப்படைத்துவிடுவதே வழக்கம்.