ஒரே கணக்கு, இரண்டு லிக்விடேஷன் விலைகள்

நேயர்களுக்கு வணக்கம். கிரிப்டோ ஃபியூச்சர்ஸில் சின்னக் கணக்கு வைத்திருப்பவர்களுக்காக இன்று பேசுகிறேன். பொசிஷனை எக்ஸ்சேஞ்ச் தானாக மூடிவிடும் விலைதான் லிக்விடேஷன் விலை. மார்ஜின் என்பது பொசிஷனுக்காக நாம் ஒதுக்கும் பணயத் தொகை. அதில் ஐசோலேட்டட், கிராஸ் என்று இரண்டு முறைகள். லிக்விடேஷன் விலை எங்கே விழும் என்பதை நாம் தேர்ந்தெடுக்கும் முறையும் தீர்மானிக்கிறது.

கணக்கில் 200 யுஎஸ்டிடி இருக்கிறது என்று வையுங்கள். பிட்காயின் விலை 60,000. பத்து மடங்கு லீவரேஜில், விலை ஏறும் என்று நம்பி 0.01 பிட்காயினுக்கு லாங் போகிறோம். பொசிஷனின் மதிப்பு 600, மார்ஜின் 60. பொசிஷன் மூடப்படாமல் இருக்கக் குறைந்தபட்சம் மிஞ்சியிருக்க வேண்டிய தொகைதான் பராமரிப்பு மார்ஜின். அதைப் பொசிஷன் மதிப்பில் அரை சதவீதம் என்று எடுத்துக்கொள்வோம், அதாவது இப்போது 3 யுஎஸ்டிடி, விலை இறங்கினால் அதுவும் குறையும். கட்டணங்களை இப்போதைக்கு விட்டுவிடலாம்.

ஐசோலேட்டடில் அந்த 60 மட்டும்தான் பணயம். விலை 54,270 பக்கம் வந்தால் பொசிஷன் போய்விடும், மீதி 140 பத்திரமாக இருக்கும். பிட்காயினுக்குப் பத்து சதவீத இறக்கம் அபூர்வமல்ல. அதனால் இந்த முறையில் அடிபடுவது சுலபம், ஆனால் அடி 60-க்குள் நின்றுவிடும்.

கிராஸில் முழு 200-ம் பொசிஷனைத் தாங்குகிறது. லிக்விடேஷன் விலை 40,200 பக்கம் இறங்கிவிடும். பார்க்க நிம்மதியாக இருக்கும். ஆனால் அங்கே வரை விலை விழுந்தால் கணக்கில் ஏறக்குறைய எதுவும் மிஞ்சாது.

பலரும் கவனிக்காத இடம் இதற்கு அப்புறம்தான் வருகிறது. கிராஸில் அந்த 40,200 நிலையான எண் அல்ல. அதே கணக்கில் ஈதரிலும் 600 யுஎஸ்டிடிக்கு லாங் எடுக்கிறோம். ஈதர் மட்டும் பத்து சதவீதம் இறங்கினால் 60 நஷ்டம். பிட்காயின் விலை அசையாமலே அதன் லிக்விடேஷன் விலை 46,500 வரை ஏறிவிடும். இரண்டும் சேர்ந்து விழுந்தால் இன்னும் மோசம், சுமார் 16 சதவீத இறக்கத்திலேயே, அதாவது பிட்காயின் 50,250-க்கு வரும்போதே, முழுக் கணக்கும் காலி. பிட்காயின் மட்டும் இருந்தபோது 33 சதவீதம் வரை தாங்கிய கணக்கு அது. ஈதரும் பிட்காயினும் பெரும்பாலும் ஒரே திசையில்தான் போகும் என்பதால், இதை நான் கற்பனைக் கணக்காக நினைக்கவில்லை.

லீவரேஜ் விஷயமும் அப்படித்தான். பொசிஷன் அளவை மாற்றாமல் ஐசோலேட்டடில் பத்தை இருபதாக்கினால் மார்ஜின் 30 ஆகிவிடும், லிக்விடேஷன் விலை 57,290-க்கு ஏறும். கிராஸில் அதே மாற்றத்தைச் செய்தால் அந்த விலை அசையாது. அங்கே விலையைத் தீர்மானிப்பது பொசிஷன்களின் மொத்த அளவும் கணக்கின் இருப்பும்தான்.

கிராஸில்தான் போகிறீர்கள் என்றால், இரண்டாவது பொசிஷனைத் திறந்ததும் முதல் பொசிஷனின் லிக்விடேஷன் விலையை மறுபடி பாருங்கள். பைனான்ஸ் எக்ஸ்சேஞ்சின் திரையில் மார்ஜின் ரேஷியோ என்று ஒரு சதவீதமும் இருக்கும். அது 100-ஐத் தொட்டால் லிக்விடேஷன். இந்தக் கணக்கு ஓடுவது, பல எக்ஸ்சேஞ்சுகளின் விலைகளை வைத்துக் கணக்கிடப்படும் மார்க் விலையில்தான், கடைசியாக வர்த்தகமான விலையில் அல்ல. நன்றி, வணக்கம்.