கீழே இழுங்கள், உங்கள் பக்கம் இழுக்காதீர்கள்

வணக்கம் நேயர்களே. பினாங்கில் வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். வீட்டுக்காரர் சாவியைக் கொடுக்கும்போதே "சுவத்துல ஆணி அடிக்கக்கூடாது" என்று சொல்லிவிடுவார். சரி என்று நாமும் ஹார்ட்வேர் கடைக்குப் போய் ஒட்டுக் கொக்கி வாங்கி, தோரணத்துக்கு ஒன்று, காலண்டருக்கு ஒன்று, சாவிக் கொத்துக்கு ஒன்று என்று ஒட்டுகிறோம். வீட்டைக் காலி செய்கிற அன்றைக்குத்தான் வம்பு. கொக்கியை இழுத்தால் கூடவே ஒரு கை அகலத்துக்குப் பெயிண்ட் உரிந்து வருகிறது. டெபாசிட் என்பது வழக்கமாக இரண்டு மாத வாடகை. அதில் கை வைக்க வீட்டுக்காரருக்கு அந்த ஒரு கை அகலம் போதும்.

நான் சுவருக்குப் பெயிண்ட் அடிக்கிறவன். ஆனால் என்னைக் கூப்பிடுகிறவர்களில் பாதிப் பேர் அடிக்கச் சொல்லிக் கூப்பிடுவதில்லை, உரிந்ததை மூடச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். அதனால்தான் இன்றைக்கு இந்தப் பேச்சு. நான் சொல்வது எல்லா ஒட்டுக் கொக்கிக்கும் இல்லை. இழுத்தால் நீண்டுகொண்டே வந்து கழன்றுவிடும் பட்டை இருக்கிறதே, கீழே சின்னதாக ஒரு வால் தொங்கும், அந்த வகைக்கு. கொக்கிக்கும் சுவருக்கும் நடுவே ரப்பர் மாதிரி இழுபடும் பட்டை, அதன் இரண்டு பக்கமும் பசை. அவ்வளவுதான் அதன் அமைப்பு.

இந்தப் பட்டை ஏன் பெயிண்டை விட்டுப் பிரிகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் மீதியெல்லாம் தானாகப் புரியும். ரப்பர் பேண்டை இழுத்தால் என்ன ஆகும்? நீளும், கூடவே மெலிந்தும் குறுகியும் போகும். பட்டையும் அப்படித்தான். வாலைப் பிடித்துச் சுவரோடு சுவராகக் கீழே இழுக்கும்போது, இழுபட்ட இடம் மட்டும் மெலிந்து, ஒரு மெல்லிய கோடு அளவுக்குப் பசை சுவரை விடுகிறது. இன்னும் இழுத்தால் அடுத்த கோடு. இப்படிக் கீழிருந்து மேலாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று போகும். ஒரே நேரத்தில் முழுப் பசையும் பெயிண்டைப் பிடித்து இழுப்பதில்லை. பெயிண்டைச் சுவரிலிருந்து வெளியே பிடுங்கும் விசையும் கிட்டத்தட்ட இல்லை.

நாமோ கொக்கியைப் பிடித்து நம் பக்கம் இழுக்கிறோம், இல்லாவிட்டால் வாலைப் பிடித்துக் குறுக்காக வெளியே இழுக்கிறோம். அப்போது பசைக்கும் பெயிண்டுக்கும் நடுவே ஒரு போட்டி. பசையின் பிடி அதிகமா, அல்லது பெயிண்டுக்கும் அதற்குக் கீழே இருக்கும் பூச்சுக்கும் உள்ள பிடி அதிகமா? நம் ஊர் பழைய பிளாட் சுவர்களில் அநேகமாகப் பெயிண்ட்தான் தோற்கும். பழைய பெயிண்ட் மாவாகிக் கிடக்கும், அதன் மேல் சீலர் போடாமல் புதுப் பெயிண்டை அடித்திருப்பார்கள், ஒவ்வொரு குடித்தனமும் காலி செய்யும்போது இன்னொரு கை பெயிண்ட். வெளியே பளபள என்று இருக்கும், உள்ளே ஒன்றை ஒன்று பிடித்திருக்காது. அதனால் திரும்பவும் சொல்கிறேன், கீழே இழுங்கள், உங்கள் பக்கம் இழுக்காதீர்கள். இதை இன்னும் இரண்டு தடவையாவது சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வால் நல்லபடியாக இருந்தால் வேலை சுலபம். சில கொக்கிகளில் முன்பகுதியை மேலே தள்ளிக் கழற்றினால்தான் வால் தெரியும், முதலில் அதைப் பாருங்கள். ஒரு கையால் கொக்கியை லேசாகத் தொட்டுக்கொள்ளுங்கள், அது முகத்தில் வந்து அடிக்காமல் இருக்கத்தான். அமுக்கக்கூடாது. எல்லோரும் அமுக்குகிறார்கள். அமுக்கினால் பட்டை கொக்கிக்கும் சுவருக்கும் நடுவே நசுங்கி, மெலிய முடியாமல் அந்த இடத்திலேயே அறுந்துவிடும். இன்னொரு கையால் வாலைப் பிடித்து, விரல் முட்டி சுவரில் உரசுகிற மாதிரி, மெதுவாகக் கீழே இழுங்கள். வந்துவிடும் வந்துவிடும் என்று நினைத்து பாதியில் விடாதீர்கள். பெரிய பட்டை ஏறக்குறைய ஒரு முழம் வரைக்கும் நீளும், அதற்கப்புறம்தான் டப்பென்று கழலும். ஏர்கான் போட்ட அறையில் பட்டை விறைத்திருக்கும், அணைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்து இழுப்பது நல்லது.

வால் இல்லாவிட்டால் என்ன செய்வது? இதற்கு ஒரு கதை சொல்ல வேண்டும். ஜெலுத்தோங்கில் ஒரு பிளாட். அக்கா ஒருவர், மாசக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும். ஹாலில் மேற்குப் பார்த்த சுவர், பிற்பகல் முழுக்க வெயில். அதில் சாமி படத்துக்கு மாலை போடுகிற கொக்கி. வால் தொங்குவது அசிங்கமாக இருக்கிறது என்று அவருடைய பையன் எப்போதோ கத்தரிக்கோலால் வெட்டிவிட்டான். நான் போகும்போது அவர் கணவர் கையில் சமையல் கத்தியோடு நின்றுகொண்டிருந்தார். "அண்ணே, இத உள்ள விட்டு நெம்பிடலாமா?" என்றார். நெம்பினால் கத்தி முனை சுவரைக் குழி தோண்டும், விசை வெளிப்பக்கமாகப் போகும், அதாவது நாம் வேண்டாம் என்று சொன்ன அதே காரியம். கத்தியை வாங்கி அடுக்களையில் வைத்துவிட்டேன், அவருக்கு அது பிடிக்கவில்லை.

முதலில் சுவரைச் சோதித்தேன். சோபாவுக்குப் பின்னால், யார் கண்ணிலும் படாத இடத்தில், சாதாரண செலோடேப் துண்டு ஒன்றை ஒட்டி அழுத்தி உரித்துப் பார்த்தேன். டேப்பில் வெள்ளைத் தூள் அப்படியே ஒட்டிக்கொண்டு வந்தது. உள்ளங்கையால் தேய்த்தால் கையிலும் மாவு. இப்படி இருந்தால் அந்தப் பெயிண்டை நம்ப முடியாது என்று அர்த்தம். டேப் சுத்தமாக வந்தால் பெரும்பாலும் பயமில்லை.

தூள் வந்ததால் இன்னொரு வேலை செய்தேன். புது பிளேடால் கொக்கியைச் சுற்றி, அதன் ஓரத்தை ஒட்டியே, பெயிண்டில் மட்டும் ஒரு கோடு கீறினேன். பூச்சு வரைக்கும் ஆழமாகப் போகத் தேவையில்லை. இதனால் உரிவது நிற்காது. ஆனால் உரிந்தாலும் அந்தக் கோட்டோடு நின்றுவிடும், ஒரு கை அகலத்துக்குக் கிழிந்துகொண்டு போகாது. பல பேருக்குத் தெரியாத காரியம் இது. நல்ல சுவராக இருந்தால் கீறவே வேண்டாம், வீணாகக் கோடு தெரியும்.

அப்புறம் ஹேர் டிரையர். மிதமான சூட்டில் வைத்து, ஒரு சாண் தூரத்திலிருந்து, கொக்கியின் ஓரங்களைச் சுற்றிச் சுற்றி அரை நிமிடம் காட்டினேன். ஒரே இடத்தில் நிறுத்தக்கூடாது, பெயிண்ட் கொப்பளித்துவிடும். பக்கத்துச் சுவரில் விரலை வைத்தால் வைத்திருக்க முடிய வேண்டும், சுடுகிறது என்று எடுத்தால் அதிகம். சூடு பட்டால் பசை இளகும், அவ்வளவுதான் நமக்கு வேண்டும்.

அறுப்பதற்கு நூல். பல் இடுக்கில் விடும் ஃபிளாஸ் இருந்தால் போதும். அந்த வீட்டில் அது இல்லை. ஆனால் பினாங்கில் தூண்டில் போடாத வீடு எது? அந்த அண்ணனிடம் நைலான் தூண்டில் நூல் சுருள் சுருளாக இருந்தது. கத்தியைப் பிடுங்கிய கோபம் அத்தோடு போய்விட்டது, எந்த நூல் எத்தனை கிலோ மீன் தாங்கும் என்று எனக்கு ஒரு வகுப்பே எடுத்துவிட்டார். அரை மீட்டர் அளவு வெட்டி, இரண்டு முனையையும் இரண்டு பென்சிலில் சுற்றிக்கொண்டேன், இல்லையென்றால் விரல் அறுபடும். கொக்கியின் மேல் விளிம்புக்குப் பின்னால் நூலைக் கொடுத்து, இடமும் வலமுமாக ரம்பம் அறுப்பது போல மெதுவாகக் கீழே இறக்கினேன். இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. நூலைச் சுவர்ப்பக்கம் அழுத்தாமல் கொக்கிப்பக்கம் சாய்த்து அறுக்க வேண்டும். கொக்கியின் பிளாஸ்டிக்கில் கீறல் விழுந்தால் யாருக்கு நஷ்டம், எப்படியும் தூக்கிப் போடப் போவதுதானே. பாதி வழியில் நூல் மாட்டிக்கொண்டது. பலவந்தம் பண்ணாமல் மறுபடி டிரையரைக் காட்டினேன், அப்புறம் வழுக்கிக்கொண்டு போனது. கொக்கி கையில் விழுந்தது.

சுவரில் பட்டை மிச்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. இந்த இடத்தில்தான் அவசரப்பட்டு நகத்தால் சுரண்டி, காப்பாற்றிய பெயிண்டையும் கெடுத்துக்கொள்வார்கள். பட்டை இன்னும் பட்டைதான், இழுத்தால் இன்னும் நீளும். கீழ் ஓரத்தைக் கட்டைவிரலால் மேல்நோக்கி உருட்டினால் ஒரு நுனி எழும்பும். அதையே வாலாகப் பிடித்து, சுவரோடு சுவராக, மறுபடி சொல்கிறேன், கீழே இழுக்க வேண்டும். முக்கால்வாசி அப்படியே வந்துவிட்டது. மீதி இருந்த பசையைக் கொஞ்சம் சூடு காட்டி, விரலால் உருட்டி உருட்டி எடுத்தோம். கீழ் மூலையில் மட்டும் நகம் அளவுக்குப் பெயிண்ட் வந்துவிட்டது, அதுவும் நான் கீறிய கோட்டோடு நின்றது.

தின்னர் போட்டால் சீக்கிரம் போகுமே என்று கேட்பீர்கள். பசையும் போகும், எமல்ஷன் பெயிண்டும் கூடவே போகும். சமையல் எண்ணெய் தடவினால் கறை சுவரில் ஊறி, அதன் மேல் எந்தப் பெயிண்டும் பிடிக்காது. குளியலறை டைல்ஸாக இருந்தால் இந்தக் கவலை எதுவும் இல்லை, அங்கே உரிவதற்குப் பெயிண்டே கிடையாது.

இன்னொன்றும் இருக்கிறது. கொக்கிக்குக் கீழே அலமாரியோ மேசையோ இருந்தால் வாலைக் கீழே இழுக்க இடம் இருக்காது, இடம் இல்லாததால்தான் வெளியே இழுக்கிறோம். இழுக்கும் முன் அலமாரியை நகர்த்துங்கள். புதிதாக ஒட்டும்போதே கீழே ஒரு முழம் காலியாக இருக்கிற இடமாகப் பார்த்து ஒட்டினால் இன்னும் நல்லது, வாலையும் வெட்டாதீர்கள், சரியா?

உரிந்த இடத்தை எப்படி மூடுவது என்று விவரமாகச் சொல்லலாம் என்று வந்தேன், அறிவிப்பாளர் தம்பி கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கடிகாரத்தைக் காட்டுகிறார், தூண்டில் நூல் கதையில் நேரம் போய்விட்டது. சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஓரத்தை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, பள்ளத்தில் பட்டி பூசி, காய்ந்ததும் சமமாகத் தேய்த்து, தூளைத் துடைத்துவிட்டு ஒரு கை சீலர், அதற்கு மேல் பெயிண்ட். வெயிலில் வெளுத்த சுவரில் டப்பாவில் மிச்சமிருக்கும் அதே பெயிண்டை அடித்தாலும் நிறம் தனியாகத் தெரியும், அதனால் வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டே அடியுங்கள். அடித்த இடத்தில் புதுக் கொக்கி ஒட்ட வேண்டுமானால் ஒரு வாரமாவது காய விடுங்கள். வணக்கம்.