அரை ரூபாய் வித்தியாசம்

எல்லோருக்கும் வணக்கம். போன வாரம் திருத்திய விடைத்தாள்களிலிருந்தே பேச்சைத் தொடங்குகிறேன். சம்பளத்தில் தனக்கு அநீதி நடந்ததாக நினைக்கும் ஊழியர் என்ன செய்வார் என்று ஒரு கேள்வி. ஏறக்குறைய எல்லோரும் ஒரே பதிலைத்தான் எழுதியிருந்தீர்கள்: "வேலையைக் குறைத்துக்கொள்வார்." பாதிச் சரி. மீதிப் பாதி எங்கே போனது என்பதுதான் இன்றைய பேச்சு.

அந்தக் கேள்விக்கு அடிப்படையான சமத்துவக் கோட்பாட்டை 1963-இல் முன்வைத்தவர் ஜான் ஸ்டேசி ஆடம்ஸ். ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் இருந்த உளவியலாளர். அவர் சொன்னது எளிமையானதுதான். நான் போடுவது ஒரு பக்கம்: உழைப்பு, அனுபவம், படிப்பு, நேரம். எனக்குக் கிடைப்பது மறுபக்கம்: சம்பளம், மரியாதை, வசதி. இந்த இரண்டின் விகிதத்தைப் பக்கத்து ஆளின் விகிதத்தோடு வைத்துப் பார்க்கிறேன். கவனியுங்கள், அவருடைய சம்பளத்தை மட்டும் பார்ப்பதில்லை. என்னைவிட இரண்டாயிரம் கூட வாங்குகிறவர் ராத்திரி ஷிப்டும் சேர்த்துப் பார்க்கிறார் என்றால், அதை நான் பெரிய உழைப்பாக மதித்தால் எனக்குக் கோபம் வராது. கணக்குப் போடுவது முதலாளி இல்லை, நான்.

சரி, விகிதம் கோணிவிட்டது. இப்போது ஆள் என்ன செய்வார்? இங்கேதான் கூலி எப்படித் தரப்படுகிறது என்று கேட்க வேண்டும்.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பவர் டேபிளில் ஒரு பெண் காலர் தைக்கிறார். பீஸுக்கு 2 ரூபாய். பக்கத்து லைனில் அதே காலருக்கு 2 ரூபாய் 50 காசு என்று டீ நேரத்தில் காதில் விழுகிறது. அங்கே 400 பீஸ் தைத்தால் ஆயிரம் ரூபாய், இவர் ஆயிரம் பார்க்க 500 தைக்க வேண்டும். உங்கள் விடைப்படி இவர் கையை மெதுவாக்க வேண்டும். மெதுவாக்கினால் யாருக்கு நஷ்டம்? அவருக்கேதான், இருக்கிற கூலியும் போய்விடும். அதனால் வேகத்தைக் கூட்டுவார். ஒவ்வொரு பீஸுக்கும் கொடுக்கும் கவனத்தைக் குறைப்பார். பீஸ் கூடும், தையல் கோணும்.

ஷிப்ட் சம்பளக்காரராக இருந்தால் கதையே வேறு. எத்தனை தைத்தாலும் கைக்கு வருவது ஒன்றுதான். அவர்தான் நூல் மாற்ற இரண்டு நிமிடம் அதிகம் எடுத்துக்கொள்வார், பாத்ரூமில் கொஞ்சம் கூட நிற்பார். உங்கள் விடை பொருந்துவது இவருக்கு மட்டும்.

மேற்பார்வையாளர் இதை எப்படிக் கண்டுபிடிப்பது? பீஸ் ரேட் லைனில் உற்பத்தி எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவார், அது ஏறிக்கொண்டுதான் இருக்கும். செக்கிங் டேபிளில் திரும்பி வரும் பீஸ்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இரண்டும் ஒரே வாரத்தில் ஏறினால் ரேட்டைப் பற்றி யாரோ எதையோ கேள்விப்பட்டிருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம். ஊசி மழுங்கியிருக்கவும் கூடும், முதலில் அதைப் பாருங்கள்!

சில சமயம் ஆள் உழைப்பில் கை வைக்காமல், கிடைப்பதைத் தானே கூட்டிக்கொள்வார். இதை நேரில் அளந்தவர் ஜெரால்ட் கிரீன்பெர்க், 1990-இல் வெளியான ஆய்வில். அமெரிக்காவில் ஒரே நிறுவனத்தின் மூன்று தொழிற்சாலைகள். ஆர்டர் போய்விட்டதால் இரண்டில் 10 வாரத்துக்குச் சம்பளத்தில் 15 சதவீதம் வெட்டு. மூன்றாவதில் வெட்டு இல்லை. வெட்டு விழுந்த ஓர் இடத்தில் நிர்வாகம் தொழிலாளர்களை உட்காரவைத்து, காரணத்தை விரிவாகச் சொல்லி, வருத்தம் தெரிவித்து, கேள்விகளுக்குப் பதிலும் சொன்னது. இன்னோர் இடத்தில் சில நிமிடங்களில் அறிவித்துவிட்டுப் போனார்கள்.

கணக்கில் வராமல் காணாமல்போகும் சரக்கைக் கிரீன்பெர்க் பார்த்தார். வெட்டு விழுந்த இரண்டு இடங்களிலும் திருட்டு ஏறியது. ஆனால் விளக்கம் கிடைக்காத இடத்தில்தான் மிக அதிகம். வேலையை விட்டுப் போனவர்களும் அங்கேதான் கூட. பழைய சம்பளம் திரும்பியதும் திருட்டும் பழைய அளவுக்கே இறங்கியது. யார் எடுத்தார்கள் என்று மட்டும் இந்த அளவீட்டில் தெரியாது, தொழிற்சாலை மொத்தத்துக்குத்தான் கணக்கு.

இப்போது விகிதத்தைப் போட்டுப் பாருங்கள். இரண்டு இடத்திலும் வெட்டு 15 சதவீதம்தான், வேலையும் குறையவில்லை. ஆடம்ஸின் கணக்கை அப்படியே போட்டால் இரண்டு இடத்திலும் ஒரே அளவு கோபம் வர வேண்டும். வரவில்லையே! காரணத்தை யார், எப்படி வந்து சொன்னார்கள் என்பதற்கு அந்த விகிதத்தில் இடமில்லை. விடைத்தாளில் இந்த ஓட்டையை எழுதியவர்கள் இரண்டே பேர். அவர்களுக்கு முழு மதிப்பெண் போட்டிருக்கிறேன். மற்றவர்கள் மறுகூட்டலுக்கு விண்ணப்பிக்க வேண்டாம், கூட்டல் சரியாகத்தான் இருக்கிறது.